எந்தக் கடை வளர்ந்தது? அதே கடை வளர்ச்சியும் சதுர அடி விற்பனையும்

(வணிகவியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். இன்னும் சிலர் நாளை வங்கியில் அமர்ந்து, கடை நடத்துபவர்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்யப்போகிறவர்கள். இரு தரப்புக்கும் முன்னால் ஒரு நாள் ஒரே கேள்வி வந்து நிற்கும். ஒருவருக்கு நான்கு கடைகள் இருக்கின்றன. ஒன்று பழையது, ஒன்று புதியது, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இவற்றில் எது நன்றாக நடக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல உலகமெங்கும் சில்லறை வணிகர்கள் இரண்டு அளவுகளைக் கையாளுகிறார்கள். முதலாவது, சேம் ஸ்டோர் சேல்ஸ் குரோத். இதை அதே கடை வளர்ச்சி என்று சொல்லிக்கொள்வோம். சென்ற ஆண்டும் இருந்து இந்த ஆண்டும் இருக்கிற கடைகளின் விற்பனை மட்டும் எத்தனை சதவீதம் கூடியது என்பது அதன் பொருள். இரண்டாவது, சதுர அடி விற்பனை. ஓர் ஆண்டு விற்பனையைக் கடையின் பரப்பால் வகுத்தால் வருவது அது.

முதல் அளவு கடைகளுக்கு இடையே உள்ள வயது வேறுபாட்டைச் சமன் செய்கிறது. இரண்டாவது, அளவு வேறுபாட்டைச் சமன் செய்கிறது. ஒன்று சமன் செய்வதை மற்றது செய்யாது. எந்தெந்தக் கடைகளைக் கணக்கில் சேர்த்தோம், எந்தப் பரப்பால் வகுத்தோம் என்ற இரண்டு விவரங்களும் இல்லாமல் இந்த எண்களைப் படிக்கக் கூடாது என்பதே இன்று நான் வலியுறுத்த வந்த கருத்து. ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

நான்கு கடைகள்

மளிகையும் வீட்டுச் சாமான்களும் விற்கிற ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கு ஒரே ஊரில் நான்கு கடைகள். கடைவீதிக் கடை பன்னிரண்டு ஆண்டுப் பழையது, 3,000 சதுர அடி. பேருந்து நிலையக் கடை ஏழு ஆண்டுப் பழையது, 5,000 சதுர அடி. காலனிக் கடை 2023 அக்டோபர் முதல் நாள் திறந்தது, 6,000 சதுர அடி. பைபாஸ் கடை 2024 டிசம்பர் முதல் நாள் திறந்தது, 8,000 சதுர அடி.

இனி விற்பனை. 2023-24 நிதியாண்டில் கடைவீதிக் கடை 6 கோடி ரூபாய்க்கு விற்றது. அடுத்த ஆண்டு 6.30 கோடி. பேருந்து நிலையக் கடை 8 கோடியிலிருந்து 8.24 கோடிக்கு வந்தது. காலனிக் கடை முதல் ஆண்டில் ஆறு மாதமே நடந்து 2.40 கோடிக்கு விற்றது. அடுத்த ஆண்டு முழுவதும் நடந்து 6 கோடி. பைபாஸ் கடை நான்கு மாதத்தில் 2.40 கோடி.

கூட்டிப் பார்த்தால் முதல் ஆண்டு 16.40 கோடி, இரண்டாம் ஆண்டு 22.94 கோடி. வளர்ச்சி 40 சதவீதம். விளம்பரத்திலும் வங்கி விண்ணப்பத்திலும் இந்த எண்தான் முதலில் வரும். அது பொய் இல்லை. ஆனால் கூடிய 6.54 கோடி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். காலனிக் கடை 3.60 கோடி கொடுத்திருக்கிறது, பைபாஸ் கடை 2.40 கோடி கொடுத்திருக்கிறது. பழைய இரண்டு கடைகளும் சேர்ந்து கொடுத்தது 54 லட்சம்தான். அதாவது கூடுதலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதியெல்லாம் முதல் போட்டுப் புதிதாகக் கதவு திறந்ததால் வந்தது. கதவு திறப்பதை நிறுத்தினால் அந்த வளர்ச்சியும் நின்றுபோகும்.

இதைப் பிரித்துக் காட்டத்தான் அதே கடை வளர்ச்சி. பழைய இரண்டு கடைகளும் 14 கோடியிலிருந்து 14.54 கோடிக்கு வந்திருக்கின்றன. வளர்ச்சி 3.9 சதவீதம். 40 எங்கே, 3.9 எங்கே! அந்த ஆண்டில் இந்தக் கடைகள் விற்கும் சரக்கின் விலை சராசரியாக 5 சதவீதம் ஏறியிருந்தது என்று வைத்துக்கொண்டால், 3.9 சதவீதமும் கரைந்துவிடுகிறது. 1.039-ஐ 1.05-ஆல் வகுத்தால் ஒன்றுக்குக் கீழே வருகிறது. பழைய கடைகளில் போன சரக்கின் அளவு ஒரு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலாகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கல்லாவில் பணம் கூடியிருக்கிறது, கடையிலிருந்து வெளியே போன பைகள் குறைந்திருக்கின்றன. மளிகை, மருந்து, தங்கம் போன்று விலை அடிக்கடி ஏறும் சரக்குகளில் இந்தக் கழித்தலைச் செய்யாமல் வளர்ச்சியைப் பேசுவதில் பயனில்லை.

எத்தனை மாதக் கடை பழைய கடை?

காலனிக் கடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாமா? 2024 அக்டோபரில் அந்தக் கடைக்கு ஒரு வயது நிரம்பிவிட்டது. அதன் பின் வரும் ஆறு மாதத்தை முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதத்தோடு ஒப்பிடலாம் அல்லவா? முந்தைய ஆறு மாதம் 2.40 கோடி. இந்த முறை அதே மாதங்களில் 3.20 கோடி என்று வைத்துக்கொள்வோம். இதையும் சேர்த்தால் அடிப்படை 16.40 கோடி, இந்த ஆண்டு 17.74 கோடி, வளர்ச்சி 8.2 சதவீதம்.

கடைகள் மாறவில்லை, ஒரு ரசீதும் கூடவில்லை. இரண்டு ஆண்டு நிரம்பிய கடை மட்டும் என்று விதி வைத்தால் 3.9, ஓர் ஆண்டு நிரம்பினால் போதும் என்றால் 8.2. புதிய கடையின் முதல் இரண்டு மூன்று ஆண்டு விற்பனை, ஊருக்கு அந்தக் கடை பழகுவதால் ஏறுகிற விற்பனை. அந்த ஏற்றம் முதிர்ந்த கடையின் வளர்ச்சியோடு கலந்தால் எண் பொலிவாகத் தெரியும். வேகமாகக் கடை திறக்கிற நிறுவனத்தில் இந்தக் கலப்பு அதிகமாக இருக்கும். திறப்பு குறைந்ததும், பழைய கடைகளுக்கு எதுவும் ஆகாமலேயே எண் சரியும்.

இந்த அளவுக்குக் கணக்குப்பதிவுத் தரநிலைகளில் கட்டாயமான வரையறை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் டார்கெட், 13 மாதத்துக்குக் குறைவாக நடந்த கடைகளை விலக்குகிறது. வால்மார்ட் 12 மாதம் நடந்த கடைகளைச் சேர்க்கிறது. அதோடு புதுப்பித்த கடைகள், இடம் மாற்றிய கடைகள், விரிவாக்கிய கடைகள், இணையவழி விற்பனை ஆகியவற்றையும் சேர்க்கிறது. நம் நாட்டில் டி-மார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் ஆன கடைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இவற்றில் எதுவும் தவறான விதி அல்ல. ஆனால் ஒரு நிறுவனத்தின் 6 சதவீதத்தை இன்னொரு நிறுவனத்தின் 6 சதவீதத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆண்டறிக்கையை எடுத்தால் எண்ணுக்கு முன்னால் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

மூடிய கடைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையக் கடையை உரிமையாளர் மூடிவிட்டார் என்றால், மிஞ்சுவது கடைவீதிக் கடை மட்டும். அதே கடை வளர்ச்சி உடனே 5 சதவீதமாகிவிடும். பலவீனமான கடை வெளியேறுவதால் எண் உயர்கிறது, மிஞ்சிய கடையில் எதுவும் மாறவில்லை. ஆகவே அந்த ஆண்டு எத்தனை கடைகள் மூடப்பட்டன என்ற விவரமும் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும்.

நாள்காட்டி செய்யும் மாயம்

மாதக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. ஒரு ஜவுளிக்கடை 2024 அக்டோபரை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டால் விற்பனை பாய்ந்து ஏறியதாகத் தெரியும். நவம்பரை ஒப்பிட்டால் கடை கவிழ்ந்துவிட்டதாகத் தெரியும். இரண்டும் உண்மையல்ல. பண்டிகையை மையமாக வைத்து, தீபாவளிக்கு முந்தைய முப்பது நாட்களை முந்தைய தீபாவளிக்கு முந்தைய முப்பது நாட்களோடு ஒப்பிட வேண்டும். அல்லது அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே காலாண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். பொங்கல் தை முதல் நாளோடு கட்டுண்டு ஜனவரி நடுவிலேயே நிற்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

2024 பிப்ரவரிக்கு 29 நாள், 2025 பிப்ரவரிக்கு 28 நாள். நாள் விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையாவிட்டாலும் மாத விற்பனை 3.4 சதவீதம் குறையும். மளிகையில் அதே கடை வளர்ச்சியே 3, 4 சதவீதத்தில் நிற்கும்போது, ஒரு நாள் குறைந்தால் அந்த மாத வளர்ச்சி முழுவதும் மறைந்துபோகும். வார இறுதிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஐந்து ஞாயிறு வந்த மாதத்தை நான்கு ஞாயிறு வந்த மாதத்தோடு ஒப்பிட்டு மேலாளரைக் கண்டிப்பது நியாயமில்லை.

பக்கத்துக் கடை தின்ற விற்பனை

பேருந்து நிலையக் கடை 3 சதவீதம்தான் வளர்ந்தது. அதன் மேலாளர் சோம்பேறியா? காலனிக் கடை அதே ஊரில்தான் இருக்கிறது. முன்பு பேருந்து நிலையம் வரை வந்து மாதச் சாமான் வாங்கிய காலனிக் குடும்பங்கள் இப்போது வீட்டருகே வாங்குகின்றன. இதை ஊகமாக விட வேண்டியதில்லை. ரசீது போடும்போது வாடிக்கையாளர் சொல்லும் கைபேசி எண் இரு கடைகளின் கணினியிலும் இருக்கிறது. முந்தைய ஆண்டு முழுவதும் பேருந்து நிலையக் கடையில் வாங்கி, இந்த ஆண்டு காலனிக் கடைக்கு மாறிய எண்களைத் தேடி எடுக்கலாம். 150 குடும்பங்கள், குடும்பத்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வந்தால் ஆண்டுக்கு 36 லட்சம்.

அந்த 36 லட்சம் போகாமல் இருந்திருந்தால் பேருந்து நிலையக் கடை 8.60 கோடிக்கு விற்றிருக்கும், வளர்ச்சி 7.5 சதவீதம். மறுபக்கம், காலனிக் கடையின் 6 கோடியில் 36 லட்சம் நிறுவனத்துக்குப் புதிய பணமே அல்ல. ஆக ஒரு மேலாளர் தகுதிக்குக் குறைவான பெயரையும், மற்றவர் தகுதிக்கு மேலான பெயரையும் பெறுகிறார். ஊக்கத்தொகையை அதே கடை வளர்ச்சியோடு கட்டிவைத்திருக்கும் நிறுவனங்களில் இது சிறிய விஷயம் அல்ல.

உலக அளவில் இதற்கு நன்கு தெரிந்த நிகழ்வு ஸ்டார்பக்ஸ். 2008 ஜனவரியில் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமை நிர்வாகப் பொறுப்புக்குத் திரும்பி வந்தபோது, அதே கடை விற்பனையை இனி வெளியிடமாட்டோம் என்று அறிவித்தார். காலாண்டுக்குக் காலாண்டு அந்த எண்ணைக் காப்பாற்றும் கவலை நீண்ட கால முடிவுகளைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் சுமார் 600 கடைகளை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அவற்றில் சுமார் 70 சதவீதம் 2006 நிதியாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு திறக்கப்பட்டவை. ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் திறந்துகொண்டே போனது அவர்களைப் பிடித்த நோய். மொத்த விற்பனை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அந்த நோயைக் காட்டிக்கொடுத்தது அதே கடை விற்பனைதான். வெளியிடுவதை நிறுத்தும் முடிவும் நிலைக்கவில்லை, பின்னர் மீண்டும் வெளியிட்டார்கள்.

சதுர அடி

இனி இரண்டாவது அளவு. கடைவீதிக் கடை சதுர அடிக்கு 20,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாய்க்கு ஏறியது. பேருந்து நிலையக் கடை 16,000-லிருந்து 16,480. காலனிக் கடை முதல் ஆறு மாதத்தை ஆண்டுக்கு நீட்டினால் 8,000, அடுத்த ஆண்டு 10,000. ஏற்கெனவே இருந்த மூன்று கடைகளும் ஏறியிருக்கின்றன. அப்படியானால் நிறுவனத்தின் மொத்தச் சதுர அடி விற்பனையும் ஏறியிருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம்.

ஆண்டு இறுதியில் உள்ள பரப்பால் வகுத்துப் பார்ப்போம். முதல் ஆண்டு 16.40 கோடியை 14,000 சதுர அடியால் வகுத்தால் 11,714 ரூபாய். இரண்டாம் ஆண்டு 22.94 கோடியை 22,000 சதுர அடியால் வகுத்தால் 10,427 ரூபாய். 11 சதவீத வீழ்ச்சி. இதில் ஒரு பிழை வெளிப்படையாகத் தெரிகிறது. பைபாஸ் கடையின் நான்கு மாத விற்பனை மேலே இருக்கிறது, அதன் முழுப் பரப்பும் கீழே இருக்கிறது. ஆகவே திறந்திருந்த மாதங்களுக்கு ஏற்பப் பரப்பைக் குறைப்போம். நான்கு மாதம் நடந்த 8,000 சதுர அடியை 2,667 என்று எடுத்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டு 13,764 ரூபாய். முதல் ஆண்டிலும் காலனிக் கடைக்குப் பாதிப் பரப்பு எடுத்தால் 14,909 ரூபாய். இது நேர்மையான வகுத்தல். அப்படியும் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைந்தே நிற்கிறது.

ஒவ்வொரு கடையும் ஏறியது, சராசரி இறங்கியது. இது எப்படி? ஒரு வகுப்பில் எல்லா மாணவரும் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கலாம். அந்த ஆண்டு சிறு பிள்ளைகள் பலர் புதிதாகச் சேர்ந்திருந்தால் வகுப்பின் சராசரி உயரம் குறையும். இங்கும் அதுதான் நடந்தது. சதுர அடிக்குக் குறைவாக விற்கும் பெரிய, இளைய கடைகளின் பங்கு மொத்தப் பரப்பில் கூடிவிட்டது.

இது கற்பனைக் கணக்கில் மட்டும் வருவதில்லை. அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் நிறுவனத்தின் 2019-20 கணக்கை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் ஆன டி-மார்ட் கடைகளின் வளர்ச்சி 10.9 சதவீதம். ஆனால் சதுர அடி விற்பனை 2018-19-இல் இருந்த 35,647 ரூபாயிலிருந்து 32,879 ரூபாய்க்கு இறங்கியது. ஊரடங்கு மார்ச் கடைசி வாரத்தில்தான் வந்தது என்பதால் அதைப் பெரிய காரணமாகச் சொல்ல முடியாது. கடைகளின் எண்ணிக்கை 176-லிருந்து 214 ஆனது. பரப்பு 59 லட்சம் சதுர அடியிலிருந்து 78 லட்சம் ஆனது. இந்த நான்கு எண்களைக் கொண்டு நீங்களே கணக்குப் போடலாம். முந்தைய கடைகளின் சராசரி சுமார் 33,500 சதுர அடி. கூடிய 19 லட்சம் சதுர அடியை 38 புதிய கடைகளால் வகுத்தால் சராசரி 50,000. புதிய கடை பழைய கடையைவிட ஒன்றரை மடங்கு பெரியது, ஊருக்கு இன்னும் பழகாதது. அந்த நிறுவனம் சதுர அடி விற்பனைக்கு நிதியாண்டின் இறுதிப் பரப்பை வகுப்பானாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு எண்களையும் தனித்தனியே படித்தவர் ஒருவர் நிறுவனம் செழிக்கிறது என்பார், இன்னொருவர் தேய்கிறது என்பார். சேர்த்துப் படித்தால்தான் பழைய கடைகள் நன்றாக இருக்கின்றன, நிறுவனம் பெரிய கடைகளுக்கு மாறுகிறது என்ற உண்மை தெரியும்.

எந்தப் பரப்பு என்பதையும் கேட்டாக வேண்டும். வாடிக்கையாளர் நடமாடி வாங்கும் விற்பனைத் தளம் மட்டுமா, குடோன், அலுவலக அறை, படிக்கட்டு எல்லாம் சேர்த்தா? கடைவீதிக் கடையின் 3,000 சதுர அடியில் 600 குடோன் என்றால், விற்பனைத் தளத்தால் வகுக்கும்போது 21,000 என்பது 26,250 ஆகிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் உள்ள பரப்பு ஒன்று, உள்ளே அளந்தால் வரும் பரப்பு வேறு. நான்கு கடைக்கும் ஒரே முறையில் அளந்த பரப்பு இல்லையென்றால் இந்த ஒப்பீட்டைத் தொடங்கவே கூடாது. சரக்கு வகை மாறினாலும் ஒப்பீடு செல்லாது. நகைக்கடையின் ஒரு கண்ணாடிப் பெட்டி ஒரு நாளில் விற்பதை நாற்காலி மேசைக் கடையின் ஒரு தளம் ஒரு மாதத்தில் விற்காமல் இருக்கலாம். அதைக் கொண்டு நாற்காலிக் கடைக்காரருக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஒரே செயல், இரண்டு தீர்ப்பு

இந்த இரண்டு அளவுகளின் இயல்பையும் ஒருசேரக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கடைவீதிக் கடையில் மாலை நேரத்தில் நிற்க இடமில்லை. உரிமையாளர் மாடியில் 1,500 சதுர அடி வாடகைக்கு எடுத்துப் பாத்திரத்தையும் பிளாஸ்டிக் சாமானையும் மேலே கொண்டுபோகிறார். விற்பனை 6.30 கோடியிலிருந்து 7.50 கோடிக்கு ஏறுகிறது.

அதே கடை வளர்ச்சி 19 சதவீதம். பிரமாதம் என்று சொல்லத் தோன்றும். சதுர அடி விற்பனையோ 21,000-லிருந்து 16,667-க்கு இறங்குகிறது, 21 சதவீத வீழ்ச்சி. படுமோசம் என்று சொல்லத் தோன்றும். ஒரே கடை, ஒரே செயல், நேர் எதிரான இரண்டு தீர்ப்பு.

எது சரி? இரண்டுமே கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. 19 சதவீதத்தில் பெரும்பகுதி கூடுதல் இடத்தை வாடகைக்கு எடுத்துப் பெற்ற வளர்ச்சி, பழைய இடத்தின் வளர்ச்சி அல்ல. 16,667 என்பது சராசரி. உரிமையாளர் எடுத்த முடிவு சராசரி அடியைப் பற்றியது அல்ல, கூடுதலாகச் சேர்த்த அடியைப் பற்றியது. கூடுதல் 1.20 கோடியை 1,500-ஆல் வகுத்தால், கூடுதல் அடி ஒவ்வொன்றும் 8,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. மொத்த லாபம் 15 சதவீதம் என்றால் 1,200 ரூபாய். மாடி வாடகை மாதம் சதுர அடிக்கு 40 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 480. கூடுதல் ஆட்கள், மின்சாரம் 350 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 370 ரூபாய், 1,500 அடிக்கு ஐந்தரை லட்சம். அலமாரிக்கும் விளக்குக்கும் போட்ட முதலை அது எத்தனை ஆண்டில் மீட்கும் என்பதைப் பார்த்து முடிவு சொல்லலாம். இடப் பற்றாக்குறையால் சதுர அடி விற்பனை உச்சத்தில் நிற்கும் கடையில், வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போகும் வாடிக்கையாளர் எந்த எண்ணிலும் பதிவாகமாட்டார் என்பதையும் மறக்கக் கூடாது.

இதனால்தான் பரப்பு கணிசமாக மாறிய கடையை ஓர் ஆண்டுக்கு அதே கடைப் பட்டியலிலிருந்து விலக்கித் தனி வரியில் காட்டுவது நல்லது என்கிறேன். வால்மார்ட்டைப் போலச் சேர்த்துக்கொள்கிற நிறுவனங்களும் உண்டு. ஆயிரக்கணக்கான கடைகள் உள்ள இடத்தில் சில விரிவாக்கங்கள் எண்ணை அசைக்கா. நான்கு கடை உள்ள இடத்தில் ஒரே ஒரு மாடி முழு எண்ணையும் புரட்டிவிடும்.

வயதுக்கு வயது

கடைசியாக ஓர் ஒப்பீடு. காலனிக் கடை சதுர அடிக்கு 10,000, கடைவீதிக் கடை 21,000. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காலனிக் கடை தோல்வி என்று சொல்வது, இரண்டாம் ஆண்டுக் கடையைப் பன்னிரண்டாம் ஆண்டுக் கடையோடு மோதவிடுவது. சரியான கேள்வி, பேருந்து நிலையக் கடை அதன் இரண்டாம் ஆண்டில் எங்கே நின்றது என்பது. பழைய பேரேட்டில் அது 2018-19-இல் சதுர அடிக்கு 9,000 என்று இருந்தது என்று கொள்வோம். அன்றைய 9,000-ஐ இன்றைய விலைக்கு மாற்ற வேண்டும். இடைப்பட்ட காலத்தில் இந்தச் சரக்குகளின் விலை 30 சதவீதம் ஏறியிருந்தால் அது இன்றைக்கு 11,700. அப்படிப் பார்த்தால் காலனிக் கடை, தன் அண்ணன் அதே வயதில் நின்ற இடத்தைவிட 15 சதவீதம் பின்தங்கியிருக்கிறது. பரப்பு சற்றுப் பெரியது என்பது அதில் கொஞ்சத்தை விளக்கும், முழுவதையும் விளக்காது.

பைபாஸ் கடையை இப்போதே இந்தப் பட்டியலில் ஏற்றக் கூடாது. நான்கு மாதத்தில் 2.40 கோடி என்றால் ஆண்டுக்கு 7.20 கோடி என்று மூன்றால் பெருக்குவது எளிது. ஆனால் அந்த நான்கு மாதத்துக்குள் திறப்பு விழாச் சலுகையும் புத்தாண்டும் பொங்கலும் வந்துபோய்விட்டன. அந்த மாதங்களை ஆண்டு முழுவதற்கும் நீட்டினால் வராத விற்பனையை எழுதிவைத்ததாகும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒன்றுக்கு மேற்பட்ட கடை இருந்தால், ஒரு தாளில் கடைக்கு ஒரு வரி எழுதுங்கள். திறந்த தேதி, அளந்த விற்பனைத் தளம், அது மாறிய தேதி, இரண்டு ஆண்டு விற்பனை. இவ்வளவு போதும். இரண்டு ஆண்டு நிரம்பிய கடைகளை ஒரு கூட்டமாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரியுங்கள். முதல் கூட்டத்துக்கு விலையேற்றத்தைக் கழித்த அதே கடை வளர்ச்சியைப் போடுங்கள். இளைய கடைகளுக்கு, மூத்த கடை அதே வயதில் இருந்த நிலையை எதிரே எழுதுங்கள். சதுர அடி விற்பனையைக் கடைவாரியாக மட்டும் எழுதுங்கள், மொத்தச் சராசரியைக் கடைசிக்கு விடுங்கள்.

நம் நான்கு கடை உரிமையாளர் அப்படி எழுதிப் பார்த்தால் என்ன தெரியும்? பழைய கடைகளில் சரக்கின் அளவு சற்றே தேய்கிறது, அந்தத் தேய்வுக்கும் மேலான விற்பனையைத் தன் மூன்றாவது கடையே எடுத்திருக்கிறது. மூன்றாவது கடை வயதுக்கேற்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை. நான்காவதைப் பற்றி எதுவும் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. 40 சதவீத வளர்ச்சி என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவர் இந்நேரம் ஐந்தாவது கடைக்கு முன்பணம் கொடுத்திருப்பார். வங்கியும் கடன் கொடுத்திருக்கும். இந்தத் தாளைப் பார்த்த பிறகு அவர் செய்ய வேண்டியது, காலனிக் கடை அடுத்த தீபாவளி வரை எப்படி ஏறுகிறது என்று பொறுத்திருந்து பார்ப்பதும், கடைவீதியின் மாடிக்கு வாடகை பேசுவதும்தான்.